இரவு ஷிப்டும் உடல் கடிகாரமும்: ஓசூர் தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகள்

ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு கிருஷ்ணகிரியிலிருந்தும் காவேரிப்பட்டணத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர்களை மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தலைவலி, வாயு, 'உடம்பு சூடு' என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். பாதிப் பேருக்குத் தொல்லை ஷிப்ட் அட்டவணையில் இருக்கும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பத்து வருடமாக மூன்றாம் ஷிப்ட் பார்க்கிறேன். இன்னும் உடம்பு பழகவில்லையே, ஏன்?

பழகாது. அதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது உடல் சூடேற வேண்டும், எப்போது குளிர வேண்டும், இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற சுரப்பு எப்போது சுரக்க வேண்டும் என்பதையெல்லாம் அது வகுக்கிறது. அதை இருட்டறையில் தனியே விட்டால் அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, சராசரியாக 24 மணி 10 நிமிடம் அளவில் ஓடும். அந்தச் சில நிமிடங்களை நாள்தோறும் திருத்தி வைப்பது வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் இதற்கென்றே சில அணுக்கள் இருக்கின்றன. உருவங்களைப் பார்ப்பது அவற்றின் முக்கிய வேலையன்று. வெளியே பகலா இரவா என்று கடிகாரத்துக்குச் சொல்லி அனுப்புவதே வேலை. நீலம் கலந்த வெளிச்சம் அவற்றை அதிகமாகத் தூண்டும்.

இப்போது உங்கள் வாரத்தைப் பாருங்கள். தொழிற்சாலைக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால், மேகமூட்டமான நாளில்கூட அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம். கடிகாரம் எதை நம்பும்? ஆறு இரவு வேலை செய்தாலும் ஆறு காலையும் சூரியனைப் பார்த்துவிடுகிறீர்கள். கடிகாரம் பகலோடேயே நிற்கிறது. ஏழாம் நாள் விடுமுறை, வீட்டாரோடு இரவில் தூக்கம். கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் அதுவும் போய்விடும். பத்து வருடம் என்று நீங்கள் சொல்வது, என் கணக்கில், முதல் வாரமே ஐந்நூறு முறை வந்து போனதுதான்.

மற்ற நேரமெல்லாம் சமாளிக்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு மட்டும் ஆளைச் சாய்க்கிறதே?

பகலில் வாழ்கிறவரின் உடல் வெப்பம் இரவில் மெல்ல இறங்கி, அதிகாலை நான்கு ஐந்து மணி வாக்கில் தன் ஆகக் குறைந்த அளவைத் தொடும். பிறகு ஏறத் தொடங்கும். அந்த அடிமட்டத்தை நான் 'பள்ளம்' என்று சொல்வேன். இந்தப் பக்கம் முழுவதும் அந்தச் சொல்தான் வரும், நினைவில் வையுங்கள்.

விழிப்பைத் தீர்மானிப்பவை இரண்டு. எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறீர்கள் என்பது ஒன்று. மணி ஏற ஏறத் தூக்கச் சுமை கூடும். கடிகாரம் தரும் முட்டு இன்னொன்று. பகல் முழுவதும் அது சுமையைத் தாங்கிப் பிடிக்கும், இரவில் விலகிக்கொள்ளும். பள்ளத்தில் சுமை உச்சத்தில் இருக்கிறது, முட்டும் இல்லை. அதனால்தான் இரவு பன்னிரண்டுக்கு ஒன்றும் தெரியாதவர் நாலு மணிக்குத் தள்ளாடுகிறார். ஐந்தரை ஆறுக்குக் கொஞ்சம் தெளிவதுபோல் இருப்பதும் இதனால்தான். வேலை முடியப்போகிற உற்சாகம் என்று நினைக்கிறீர்கள். கடிகாரம் மீண்டும் முட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தோராயமாக அறிய ஒரு வழி: தூக்கக் கடன் அதிகமில்லாத விடுமுறை நாளில் அலாரம் இல்லாமல் தானாக எழும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழியுங்கள். ஆறு மணிக்கு எழுகிறவருக்குப் பள்ளம் நான்கு மணிக்கு.

வீட்டில் சத்தமே இல்லை. ஆனாலும் படுத்து மூன்று நான்கு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. ஏன்?

சத்தமும் வெயிலும் கெடுப்பது உண்மை. ஆனால் சத்தமே இல்லாத அறையிலும் இது நடக்கும். ஒன்பது பத்து மணிக்குப் படுக்கும்போது தூக்கச் சுமை பெரிது, உடனே தூங்கிவிடுவீர்கள். பாதிச் சுமை இறங்கியதும், நண்பகலை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும் உடல் வெப்பமும் கடிகாரமும் உங்களை எழுப்பிவிடுகின்றன. இதைத் தூக்கமின்மை நோய் என்று நினைத்து மாத்திரை கேட்டு வருகிறவர்கள் பலர். கடிகாரம் சரியாக ஓடுகிறது. தவறான நேரத்தில் படுக்கிறோம்.

ஆகவே, எவ்வளவு சீக்கிரம் படுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பத்து மணிக்குப் படுப்பதற்கும் எட்டேகாலுக்குப் படுப்பதற்கும் ஒன்றே முக்கால் மணி நேரத் தூக்கம் வித்தியாசம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பேப்பர் பார்த்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்து படுக்கிறவர்தான் அதிகம் இழக்கிறார்.

பஸ்ஸில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போடச் சொல்கிறீர்களாமே, வேடிக்கையாக இருக்கிறது.

வேடிக்கையாகத்தான் இருக்கும். முதல் வாரம் பஸ்ஸில் கேலி செய்வார்கள், பிறகு அவர்களே விலை கேட்பார்கள்.

வெளிச்சம் கடிகாரத்தை இரண்டு திசையிலும் தள்ளும். பள்ளத்துக்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது: மறுநாள் தூக்கமும் விழிப்பும் தாமதமாகும். பள்ளத்துக்குப் பிறகு படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கிறது: மறுநாள் எல்லாம் சீக்கிரமாகும். பள்ளத்துக்கு இரு பக்கமும் உள்ள சில மணி நேரத்தில்தான் இந்தத் தள்ளலுக்கு வலு அதிகம்.

இரவு வேலை செய்கிறவருக்குப் பள்ளம் பின்னுக்குப் போக வேண்டும். அதிகாலை நாலு மணியிலிருந்து நகர்ந்து, காலை எட்டு ஒன்பது மணிக்கு, அவர் படுக்கையில் இருக்கும் நேரத்துக்குள் போய் விழ வேண்டும். ஆனால் பள்ளம் நாலு மணிக்கு இருக்கும்போது ஆறரை மணி வெயில் அதைப் பிடித்து எதிர்த் திசையில் இழுக்கிறது. அந்த இழுப்பைத் தடுக்கத்தான் கண்ணாடி.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி தென்கிழக்கே இருக்கிறது. காலையில் திரும்பும் பஸ் ஏறக்குறைய சூரியனைப் பார்த்தபடியே ஓடுகிறது. ஆண்டு முழுவதும் சூரியன் பஸ்ஸின் இடப்பக்க முன்மூலையில்தான் எழும். மார்கழியில் ஏறத்தாழ நேர் எதிரே. எனவே வலப்பக்கத்தில், பின்வரிசையில் உட்காருங்கள், திரையை இழுத்துவிடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

ஒரு கண்டிப்பு: இதெல்லாம் பயணிக்குத்தான். இரவு வேலை முடிந்து இருசக்கர வண்டி ஓட்டி வருகிறவர் கறுப்புக் கண்ணாடி போடக் கூடாது. அவருக்கு அந்த வெளிச்சம்தான் கொஞ்சமாவது விழிப்பைத் தருகிறது.

எங்கள் தொழிற்சாலையில் ஷிப்ட் சுற்றும் வரிசையை மாற்றினார்கள். வரிசையில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். வயது 34. ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, பத்திலிருந்து ஆறு என மூன்று ஷிப்ட், வாரம் ஒன்று. அவர்களுக்கு முதல் ஷிப்ட் முடிந்த வாரம் மூன்றாம் ஷிப்ட், அதன் பிறகு இரண்டாம் ஷிப்ட் என்று சுற்றியது. அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்.

முதல் ஷிப்ட் வாரத்தில் நாலேகால் பஸ்ஸுக்காக மூன்றே முக்காலுக்கு எழுவார். அந்த வாரக் கடைசியில் விடுமுறையன்று தானாக ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. பள்ளம் மூன்று மணிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாளே மூன்றாம் ஷிப்ட். இரவு மூன்று மணிக்கு இயந்திரத்தின் முன் நிற்கும்போது பள்ளம். காலை ஆறரை மணி வெயில் பள்ளத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் விழுகிறது. கடிகாரத்தை இன்னும் முன்னுக்கு, அதாவது தவறான திசைக்கு, இழுக்கிறது. எட்டு மணிக்கு வீடு. பத்து மணிக்குப் படுக்கை. ஒன்றரைக்கு விழிப்பு. ஆறு நாளும் சேர்த்து 21 மணி நேரத் தூக்கம். வியாழன் இரவில் பாகங்களைச் சரிபார்க்கும் மேசையில் ஒரே தட்டை இரண்டு முறை எண்ணியிருக்கிறார். இடையில் கண் மூடியதே அவருக்குத் தெரியவில்லை.

அவரும் உடன் வேலை செய்கிறவர்களும் எழுதிக் கேட்ட பிறகு வரிசை முதல், இரண்டு, மூன்று என்று மாறியது. அதன் பின் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் இரவு பதினொன்றே முக்காலுக்கு வீடு வந்து, ஒரு மணிக்குப் படுத்து, எட்டு மணிக்கு எழுகிறார். நாளுக்கு ஒரு மணி நேரம் போலக் கடிகாரம் பின்னுக்குப் போகும். அது எளிய திசை. அதன் இயல்பான சுற்றே 24 மணிக்கு மேல் அல்லவா? வாரக் கடைசியில் பள்ளம் ஆறு மணிக்கு வந்துவிட்டது. விடுமுறையன்றும் வேண்டுமென்றே மூன்று மணிக்குப் படுத்துப் பத்துக்கு எழுந்தார். மூன்றாம் ஷிப்ட் தொடங்கும்போது பள்ளம் ஏழு மணியை ஒட்டி. இப்போது நாலு மணிக்கு அவர் பள்ளத்தில் இல்லை, சரிவில்தான் இருக்கிறார். பள்ளம் பஸ்ஸில் வருகிறது, ஓரிரு நாளில் படுக்கைக்குப் போய்விடுகிறது. கறுப்புக் கண்ணாடி, வலப்பக்க இருக்கை. பிள்ளையைப் பள்ளியில் விடுவது மனைவியின் பொறுப்பு. எட்டேகாலுக்குப் படுத்து ஒன்றரை வரை தூக்கம், மாலை பஸ்ஸுக்கு முன் ஒரு மணி நேரம். மொத்தம் ஆறேகால்.

இது நான் கணக்கிட்டுச் சொல்வது. உடலுக்குள் மானி வைத்துப் பார்த்ததன்று. ஆனால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் உப்புக் கனிமத் தொழிற்சாலையில் ஷிப்ட் வரிசையை இப்படித் திருப்பியபோது தொழிலாளர்களின் திருப்தியும் உற்பத்தியும் கூடியதை 1982ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு குறையும் உண்டு: மூன்றாம் ஷிப்டிலிருந்து முதல் ஷிப்டுக்குத் திரும்பும் முதல் இரண்டு நாள் இப்போதும் அவருக்குக் கசப்புதான். கடைசி இரவு முடிந்த காலையில் பதினோரு மணிக்கே எழுந்து, பிற்பகலில் வெளியே நடமாடி, இரவு ஒன்பதுக்குப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். பாதி உதவுகிறது.

இரவு வேலையில் எனக்குத் தூக்கக் கலக்கமே வருவதில்லை, நன்றாகத்தான் வேலை பார்க்கிறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஓர் ஆய்வில் சிலரை இரண்டு வாரம் இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தும் சோதனை வைத்தார்கள். கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. கடைசியில் ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்தது. ஆனால் 'எவ்வளவு தூக்கக் கலக்கம்' என்று கேட்டபோது, முதல் சில நாளுக்குப் பிறகு அவர்கள் தந்த மதிப்பு பெரிதாக ஏறவில்லை. திறன் குறைவதை அளக்கும் திறனும் சேர்ந்தே குறைந்துவிட்டது. குடித்தவர் 'நான் நிதானமாக இருக்கிறேன்' என்பதுபோலத்தான்.

அந்த ஒப்பீடு வெறும் பேச்சன்று. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீத மதுவோடு இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03தான். பகல் பன்னிரண்டுக்கு எழுந்து, தூங்காமல் இரவு வேலைக்குப் போய், காலை ஆறரைக்குத் தேசிய நெடுஞ்சாலையில் வண்டியை எடுப்பவர் பதினெட்டரை மணி நேரம் விழித்திருக்கிறார். ஊதிப் பார்க்கும் கருவியில் ஒன்றும் காட்டாது.

குறுந்தூக்கம் என்று ஒன்று இருக்கிறது. கண் திறந்தபடியே கூட மூளை சில விநாடி அணைந்து எரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை, வண்டி கோட்டைத் தாண்டித் திடுக்கிட்டுத் திரும்புகிறது, ஒரே வரியைத் திரும்பப் படிக்கிறீர்கள்: இவை வந்துவிட்டால் கலக்கம் அல்ல, தூக்கமே தொடங்கிவிட்டது. வண்டியை நிறுத்தி 20 நிமிடம் தூங்குவது ஒன்றுதான் வழி. ஜன்னல் காற்றும் பாட்டும் சில நிமிடத்துக்குமேல் நிற்காது.

இரவு ஷிப்ட் வாரம் வந்தாலே என் கணவர் எரிந்து விழுகிறார். மற்ற இரண்டு வாரமும் நல்ல மனிதர்.

அவர் மூன்று வாரத்திலும் ஒரே மனிதர்தான் அம்மா. மனநிலைக்கும் நாள்வட்டம் உண்டு. பள்ளத்தை ஒட்டி மனம் தாழ்ந்திருக்கும், பகலில் ஏறும். கடிகாரம் ஒரு பக்கமும் தூக்கம் இன்னொரு பக்கமும் போகும்போது, எந்த மனநோயும் இல்லாதவருக்கே மனம் சோர்வதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

வெளியே தெரிவது கோபம். அதற்கு முன்பே குறைந்துபோவது மகிழ்ச்சி. தூக்கம் குறைந்தவருக்கு நல்ல உணர்ச்சிகள்தான் முதலில் வற்றும்: பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கி வந்தாலும் 'சரி' என்று மட்டும் சொல்வார். பல பெண்கள் என்னிடம் கோபத்தைப் புகாராகச் சொல்வார்கள். 'சிரிக்கவே மாட்டேன் என்கிறார்' என்பதை நானாகக் கேட்டால்தான் சொல்வார்கள். பணம், மாமியார், வீட்டுக்கடன் பற்றிய பேச்சை அந்த வாரத்தில் மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு வேண்டாம். அப்போது அவரிடமிருந்து வரும் பதில் அவருடையதே அல்ல.

எப்போது இது ஷிப்டைத் தாண்டியது? விடுமுறையிலும் மற்ற ஷிப்ட் வாரங்களிலும் மனம் மீளவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இரண்டு வாரம் தொடர்ந்து அப்படியே இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். சாகத் தோன்றுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். மனம் ஒரு காலம் அளவுமீறிப் பொங்கி, ஒரு காலம் சோர்ந்து விழும் இருதுருவ மனநோய் இருப்பவர்களுக்கு மட்டும் நான் இரவு ஷிப்டே வேண்டாம் என்று சான்று எழுதித் தருவேன். ஓர் இரவுத் தூக்கம் போனாலே அவர்களுக்கு அந்தப் பொங்கல், அதாவது மிகை எழுச்சி, கிளம்பக்கூடும்.

இரவில் என்ன சாப்பிடலாம்? டீ குடிக்கலாமா?

களியை ஷிப்டுக்குப் போகும் முன், ஏழரைக்கு முடித்துவிடுங்கள். இரவு ஒரு மணிக்கு முழுச் சாப்பாடு வேண்டாம். 2022இல் வந்த ஓர் ஆய்வில் இரவு வேலையைப் போலவே வாழ வைத்து, ஒரு குழுவுக்குப் பகலிலும் இரவிலும் உணவு, மற்றொன்றுக்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்தார்கள். முதல் குழுவுக்குச் சோர்வான மனநிலை 26 சதவீதமும் பதற்றம் 16 சதவீதமும் கூடின. பகலில் மட்டும் உண்டவர்களுக்குக் கூடவில்லை. கலந்துகொண்டவர்கள் 19 பேர்தான், அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். பசித்தால் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கடலை.

டீயில் விழிப்பைத் தரும் கஃபீனில் பாதி உடலை விட்டுப் போக ஐந்து மணி நேரம் ஆகும். ஷிப்ட் தொடக்கத்திலும் நள்ளிரவுக்கு மேலும் குடியுங்கள். இரண்டு மணியோடு நிறுத்துங்கள். ஐந்து மணி டீ உங்கள் காலைத் தூக்கத்தைத்தான் குடிக்கும்.

தூக்க மாத்திரை, அல்லது காலையில் கொஞ்சம் குடித்துவிட்டுப் படுத்தால்?

மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்பாதித் தூக்கத்தை உடைக்கும். ஏற்கெனவே உங்களிடம் இருப்பதே நான்கு மணி நேரம். மெலடோனின் பகல் தூக்கத்தை அரை மணிக்கும் குறைவாகவே நீட்டுகிறது. அதையும் தவறான நேரத்தில் போட்டால் கடிகாரம் எதிர்ப்பக்கம் நகரும். மருந்துக்கடைக்காரரைக் கேட்டு வாங்காதீர்கள். மற்றத் தூக்க மாத்திரைகள் பெரும்பாலும் கடிகாரத்தை நகர்த்துவதில்லை.

விடுதியில் ஓர் அறையில் ஆறு பேர், மூன்று ஷிப்ட்காரர்களும் இருக்கிறோம். எப்படித் தூங்குவது?

அந்த அறையில் யாராலும் தூங்க முடியாது, பெண்ணே. நாலு மணிக்கு ஒருத்தியின் அலாரம், எட்டு மணிக்கு இன்னொருத்தி வந்து விளக்கைப் போடுவாள். கண்ணை மறைக்கும் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு எல்லாம் உதவும். ஆனால் இது நீங்கள் தனியாகத் தீர்க்கிற காரியமன்று. ஒரே ஷிப்ட் குழுவுக்கு ஒரே அறை என்று விடுதிக் காப்பாளரிடம் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். குழு முழுவதும் ஒன்றாகத்தான் சுற்றுகிறது, ஆகவே அறை மாற வேண்டியதில்லை. ஒரு முறை படுக்கைகளை மாற்றிப் போட்டால் போதும். அதுவரை, மூன்றாம் ஷிப்ட் வாரத்தில் ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் கீழ்க்கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மேல்கட்டிலின் விளிம்பிலிருந்து ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள்.